555 டைமரின் துடிப்பை இரண்டு தடைகளும் ஒரு மின்தேக்கியும் எப்படி அளக்கின்றன?

கேள்வி: 555 டைமரை ஆஸ்டேபிள் முறையில் 9 வோல்ட் பேட்டரியில் இணைத்து ஓர் எல்இடியைச் சிமிட்ட வைத்தேன். RA 10 கிலோ ஓம், RB 68 கிலோ ஓம், C 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். சூத்திரப்படி நிமிடத்துக்கு 59 முறை சிமிட்ட வேண்டும், எண்ணினால் 50தான் வருகிறது. சூத்திரத்தில் RB மட்டும் ஏன் இருமுறை வருகிறது, பேட்டரியின் வோல்ட் ஏன் வரவே இல்லை என்பதும் புரியவில்லை.

பதில்:

சிப்பின் உள்ளே மூன்று சமமான தடைகள், பெயரளவில் ஒவ்வொன்றும் 5 கிலோ ஓம், மின்வழங்கலுக்கும் தரைக்கும் இடையே வரிசையாக நிற்கின்றன. அவை வழங்கல் மின்னழுத்தத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு என்று இரண்டு எல்லைக்கோடுகளை உண்டாக்குகின்றன. (555 என்ற பெயர் இந்த மூன்று ஐந்துகளிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வதுண்டு. 1971-இல் இச்சிப்பை வடிவமைத்த ஹான்ஸ் கமென்சிண்ட் அந்த எண் சும்மா தேர்ந்தெடுக்கப்பட்டது என்றே கூறியிருக்கிறார்.) இந்த இரு கோடுகளையும் இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் காவல் காக்கின்றன. 6-ஆம் காலின் மின்னழுத்தம் மேல்கோட்டைத் தாண்டினால் ஒன்று விழித்துக்கொள்ளும். 2-ஆம் காலின் மின்னழுத்தம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் மற்றொன்று விழித்துக்கொள்ளும். இவ்விரண்டும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பை இங்கும் அங்கும் புரட்டுகின்றன. அந்த ஃபிளிப்-ஃபிளாப் 3-ஆம் காலில் வெளியீட்டைத் தருவதோடு, 7-ஆம் காலைத் தரையோடு இணைக்கும் ஒரு டிரான்சிஸ்டரையும் ஆள்கிறது. வெளியீடு மேலே இருக்கும்போது அந்த டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும். வெளியீடு கீழே வந்ததும் அது இயங்கி 7-ஆம் காலைத் தரைக்கு இழுத்துவிடும்.

ஆஸ்டேபிள் முறையில் நாம் செய்வது 2-ஆம் காலையும் 6-ஆம் காலையும் சேர்த்து மின்தேக்கியின் மேல்முனையில் கட்டிவிடுவதுதான். இதனால் ஒரே மின்னழுத்தத்தை இரண்டு காவலர்களும் பார்க்கிறார்கள். வழங்கலிலிருந்து RA வழியாக 7-ஆம் காலுக்கும், அங்கிருந்து RB வழியாக மின்தேக்கிக்கும் பாதை செல்கிறது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கையில் மின்தேக்கி RA, RB ஆகிய இரண்டின் வழியாகவும் நிரம்பும். மேல்கோட்டைத் தொட்டதும் ஃபிளிப்-ஃபிளாப் புரளும், 7-ஆம் கால் தரையாகிவிடும், மின்தேக்கி RB வழியாக மட்டும் வடியத் தொடங்கும். கீழ்க்கோட்டைத் தொட்டதும் மீண்டும் நிரம்பத் தொடங்கும். RB இருமுறை வருவதற்கு இதுவே காரணம்: நிரம்பும்போதும் வடியும்போதும் மின்னோட்டம் அதைக் கடந்தாக வேண்டும். RA நிரம்பும் பாதையில் மட்டுமே நிற்கிறது.

அடுத்தது சூத்திரத்தில் வரும் 0.693 என்ற எண். ஒரு தடையின் வழியாக நிரம்பும் மின்தேக்கிக்கும் அது போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்துக்கும் இடையிலுள்ள தூரம் பாதியாகக் குறைய எப்போதும் ஒரே அளவு நேரம்தான் ஆகும். அந்த நேரம் RC பெருக்குத்தொகையின் 0.693 மடங்கு, அதாவது 2-இன் இயற்கை மடக்கை மடங்கு. இப்போது இரு எல்லைக்கோடுகளையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். நிரம்பும்போது மின்தேக்கி போய்ச் சேர விரும்பும் இடம் முழு வழங்கல் மின்னழுத்தம். மூன்றில் ஒரு பங்கில் நிற்கும்போது அதற்கு இன்னும் மூன்றில் இரு பங்கு தூரம் மீதி இருக்கிறது. மேல்கோட்டை எட்டும்போது மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் மீதி. தூரம் சரியாகப் பாதியாகியிருக்கிறது. வடியும்போது போய்ச் சேரும் இடம் பூச்சியம். மூன்றில் இரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குவதும் சரியாகப் பாதியாவதுதான். இரண்டு பயணங்களும் ஒவ்வொரு பாதியாக்கம் என்பதால் இரண்டுக்கும் அதே 0.693 வருகிறது. எல்லைக்கோடுகளை வேறு எந்த இடத்தில் வைத்திருந்தாலும் கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது.

```
t_high = 0.693 × (RA + RB) × C
t_low  = 0.693 × RB × C
f      = 1.44 / ((RA + 2 × RB) × C)
```

பேட்டரியின் வோல்ட் சூத்திரத்தில் இல்லாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. வோல்ட் உயர்ந்தால் மின்தேக்கி வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் எல்லைக்கோடுகளும் அதே விகிதத்தில் உயர்ந்து நிற்பதால் ஏற வேண்டிய உயரமும் அதே அளவுக்குக் கூடிவிடுகிறது. 5 வோல்ட்டிலும் 9 வோல்ட்டிலும் பாதியாக்கம் பாதியாக்கமே. இது ஒரு சுழற்சிக்குள் வோல்ட் நிலையாக இருக்கும் வரை பொருந்தும். எல்இடி எரியும்போது மட்டும் தளர்ந்துபோகும் பழைய பேட்டரியில் எல்லைக்கோடுகளே நடுவழியில் நகர்ந்துவிடும் என்பதால், 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் இடையே சிப்பை ஒட்டி ஒரு மின்தேக்கியும், 5-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே 10 நானோ ஃபாரடும் வைப்பது வழக்கம்.

இந்த 5-ஆம் காலைப் பற்றி ஒரு சிறு விலகல். அது உள்ளிருக்கும் மேல்கோட்டின் நேரடிக் கைப்பிடி. வெளியிலிருந்து அதில் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் மேல்கோடு அந்த அளவாகவும், கீழ்க்கோடு அதில் சரிபாதியாகவும் மாறும். ஆகவே வடியும் பயணம் அப்போதும் ஒரு பாதியாக்கமே. t_low சிறிதும் மாறாது, t_high மட்டும்தான் நீளும் அல்லது குறுகும். எடுத்துக்காட்டாக, மேல்கோட்டை வழங்கலின் 0.8 பங்குக்கு உயர்த்தினால், நிரம்பும் தூரம் 0.6-இலிருந்து 0.2-ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டியிருக்கும். அதற்குரிய மடங்கு 0.693 அல்ல, 1.1. வோல்ட் கொடுத்து வேகத்தை மாற்றும் சுற்றுகளில் எரியும் நேரமும் அணையும் நேரமும் சேர்ந்து மாறாமல் ஒருபக்கமாகவே இழுபடுவது ஏன் என்று பலர் குழம்புவது இதனால்தான்.

உங்கள் அளவுகளை இப்போது போட்டுப் பார்ப்போம். RA + RB என்பது 78 கிலோ ஓம்; அதை 10 மைக்ரோ ஃபாரடால் பெருக்கினால் 0.78 நொடி, அதன் 0.693 மடங்கு 0.541 நொடி. எல்இடி 3-ஆம் காலுக்கும் தரைக்கும் இடையே இருந்தால் அது எரியும் நேரம் இது. RB-க்குரிய 0.68 நொடியின் 0.693 மடங்கு 0.471 நொடி, இது அணைந்திருக்கும் நேரம். கூட்டினால் 1.012 நொடி, நிமிடத்துக்கு 59 சிமிட்டல். நீங்கள் போட்ட கணக்கு சரியானதே. மின்சாரம் கொடுத்ததும் வரும் முதல் சிமிட்டலை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அப்போது மின்தேக்கி கீழ்க்கோட்டிலிருந்து அல்லாமல் பூச்சியத்திலிருந்து ஏறி வர வேண்டியிருப்பதால் மடங்கு 1.1 ஆகிறது, அந்த முதல் ஒளி உங்கள் சுற்றில் ஏறத்தாழ 0.86 நொடி நீடிக்கும்.

50 சிமிட்டல் என்றால் சுழற்சிக்கு 1.2 நொடி, எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 19 விழுக்காடு கூடுதல். சிப்பை நான் சந்தேகிக்கமாட்டேன். சாதாரண இருமுனை வகை 555 ஆஸ்டேபிள் முறையில் செய்யும் நேரப்பிழை பொதுவாக 2 விழுக்காட்டை ஒட்டியது; தடைகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்கோ 20 விழுக்காடு இப்படியும் அப்படியும் இருப்பது உற்பத்தியாளர் ஒப்புக்கொண்ட அளவே. உங்கள் 10 மைக்ரோ ஃபாரட் உண்மையில் 11.9 மைக்ரோ ஃபாரடாக இருந்தாலே கணக்கு நேராகிவிடும். ஆனால் அதே மின்தேக்கி வேறொரு வழியிலும் நேரத்தை நீட்டக்கூடும்: உள்ளே மின்னோட்டம் கசியலாம். இவ்விரண்டில் எது என்பதைச் சிமிட்டல் எண்ணிக்கை சொல்லாது. எரியும் நேரத்துக்கும் அணைந்திருக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதம் சொல்லிவிடும்.

கொள்ளளவு மட்டும் கூடியிருந்தால் C இரண்டு நேரங்களிலும் ஒரே மாதிரி பெருக்குவதால் விகிதம் மாறாது. 78-க்கு 68 என்பது 1.15, எரியும் நேரம் 0.64 நொடியாகவும் அணையும் நேரம் 0.56 நொடியாகவும் நீண்டாலும் விகிதம் அதே 1.15-ஆகவே நிற்கும். கசிவு அப்படிச் செய்யாது. கசிவு என்பது மின்தேக்கிக்குக் குறுக்கே யாரோ ஒரு தடையை வைத்தது போன்றது. நிரம்பும்போது வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் திருடி ஏற்றத்தைத் தாமதப்படுத்தும். வடியும்போது RB-க்குத் துணையாக நின்று இறக்கத்தை விரைவுபடுத்தும். உங்கள் சுற்றில் 300 கிலோ ஓம் அளவுக்குக் கசிவு இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் எரியும் நேரம் 0.80 நொடியாக நீளும், அணையும் நேரம் 0.38 நொடியாகக் குறுகும். கூட்டுத்தொகை 1.18 நொடி; சிமிட்டல் எண்ணிக்கை நீங்கள் கண்ட 50-ஐ ஒட்டியே வரும். ஆனால் விகிதம் 2-ஐத் தாண்டிவிடும்.

இதை அளக்க அலைக்காட்டி வேண்டியதில்லை. கைபேசியில் நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் எல்இடியைப் படம்பிடித்து, சட்டம் சட்டமாக நகர்த்தி எண்ணினால் போதும். எரிவது 19 சட்டம், அணைவது 17 சட்டம் என்று வந்தால் கொள்ளளவுதான் கூடுதல். 24-க்கு 11 அல்லது 12 என்று வந்தால் மின்தேக்கி கசிகிறது, அதை மாற்றிவிடலாம். மின்தேக்கியின் மேல் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ஓர் எச்சரிக்கை: மின்னழுத்த அளவில் அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். 78 கிலோ ஓமுக்கு முன் அது பொருட்டல்ல; RA, RB மெகா ஓம் கணக்கில் இருக்கும் சுற்றில் அந்த மீட்டரே ஒரு கசிவாக வேலை செய்து, நீங்கள் அளக்க வந்த நேரத்தை மாற்றிவிடும். அங்கெல்லாம் 3-ஆம் காலில் அளப்பதே சரி.

கசிவுக்கு ஒரு கடுமையான எல்லையும் உண்டு. நிரம்பும் பயணத்தின் கடைசியில், மேல்கோட்டை நெருங்கும் வேளையில், தடைகளின் மேல் வழங்கலின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சியிருக்கும்; 9 வோல்ட்டில் அது 3 வோல்ட். உங்கள் 78 கிலோ ஓமில் அந்தக் கணத்தில் 38 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது. சிறிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளுக்கு 3 மைக்ரோ ஆம்பியர் வரையிலான கசிவைத் தரவுத்தாள்கள் அனுமதிப்பது வழக்கம். அது இங்கே பெரிதாக உறுத்தாது. மெதுவாகச் சிமிட்ட வேண்டும் என்று RA + RB-ஐ 1 மெகா ஓமாக உயர்த்திப் பாருங்கள்: கடைசிக் கணத்து மின்னோட்டமே 3 மைக்ரோ ஆம்பியர்தான். கசிவு அதை முழுதும் விழுங்கிவிட்டால் மின்தேக்கி மேல்கோட்டை என்றுமே எட்டாது; வெளியீடு மேலேயே உறைந்துபோய் எல்இடி அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். நீண்ட நேரத்துக்காகப் பெரிய தடையும் பெரிய எலக்ட்ரோலிட்டிக்கும் போட்டுவிட்டு, சிப் கெட்டுவிட்டது என்று தூக்கியெறிபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கசிவுத் தடை RA + RB-இன் இரு மடங்குக்குக் கீழே இறங்கினால் சுற்று நின்றுவிடும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்திசையில் இன்னொரு எல்லை இருக்கிறது. RA-ஐ மிகச் சிறிதாக்க முடியாது. மின்தேக்கி வடியும் நேரம் முழுவதும் 7-ஆம் கால் தரையில் கிடப்பதால், வழங்கல் மின்னழுத்தம் முழுவதும் RA-இன் மேல் விழுந்து, ஒரு பயனுமின்றி அந்த டிரான்சிஸ்டர் வழியாக வெளியேறுகிறது. 1 கிலோ ஓம் என்றால் 9 மில்லி ஆம்பியர். RA-ஐ நீக்கி ஒரு கம்பியை வைத்தால் டிரான்சிஸ்டர் பேட்டரியின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்துவிடும். ஆகவே RA எப்போதும் பூச்சியத்தைவிடப் பெரியது, ஆகவே எரியும் நேரம் எப்போதும் அணையும் நேரத்தைவிட நீளம். உங்கள் சுற்றில் அது சுழற்சியின் 53.4 விழுக்காடு. RA-ஐ 1 கிலோ ஓமாக்கினால் 50.4 விழுக்காட்டுக்கு நெருங்கி வரும், ஆனால் சரிபாதியைத் தொடாது.

சரிபாதியோ அதற்குக் குறைவோ வேண்டும் என்பவர்களுக்கு, RB-க்கு இணையாக 7-ஆம் காலிலிருந்து மின்தேக்கியை நோக்கி ஒரு டையோடு வைக்கச் சொல்வது நெடுநாளைய வழக்கம். நிரம்பும்போது மின்னோட்டம் RB-ஐத் தவிர்த்து டையோடு வழியாகப் போகும். நிரம்புவது RA வழியாகவும் வடிவது RB வழியாகவும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை. டையோடு தனக்கென்று ஏறத்தாழ 0.6 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மின்தேக்கி இப்போது போய்ச் சேர விரும்பும் இடம் முழு வழங்கல் அல்ல, அதற்கு 0.6 வோல்ட் கீழே. எல்லைக்கோடுகள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பாதியாக்கம் இனிப் பாதியாக்கம் அல்ல. 9 வோல்ட்டில் மீதித் தூரம் 5.4 வோல்ட்டிலிருந்து 2.4 வோல்ட்டாகச் சுருங்க வேண்டும். அதற்குரிய மடங்கு 0.81. 5 வோல்ட்டில் அதே மடங்கு 0.94 ஆகிவிடுகிறது. வழங்கல் மாறினால் வேகமும் மாறும்; டையோடின் மின்னழுத்தம் வெப்பத்தோடு நகர்வதால் வெப்பத்துக்கும் மாறும். சூத்திரத்திலிருந்து வோல்ட் விலகி நின்றதற்குக் காரணமான சமச்சீரை அந்த ஒற்றை டையோடு கலைத்துவிடுகிறது. சரிபாதித் துடிப்பு கண்டிப்பாக வேண்டுமென்றால், இரு மடங்கு வேகத்தில் துடிக்கவிட்டு, பின்னால் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பால் இரண்டாக வகுத்துக்கொள்வதை நான் விரும்புவேன்.

வேகமான துடிப்புக்குப் போகும்போதும் சூத்திரம் மெல்லத் தவறும். ஒப்பீட்டுச் சுற்றுகள் விழிக்கவும் டிரான்சிஸ்டர் அணையவும் எடுக்கும் சிறு தாமதத்துக்குள் மின்தேக்கி கோட்டைத் தாண்டிச் சென்றுவிடும். சாதாரண இருமுனை வகையில் 100 கிலோ ஹெர்ட்ஸை நெருங்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். உங்கள் எல்இடிக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த 59 உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமென்றால், எலக்ட்ரோலிட்டிக்கை விட்டுவிட்டு 1 மைக்ரோ ஃபாரட் பிளாஸ்டிக் ஃபிலிம் மின்தேக்கிக்கு மாறுங்கள். 5 விழுக்காடு துல்லியத்தில் அது எளிதாகக் கிடைக்கும், கசிவு கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது. C பத்தில் ஒன்றாகக் குறைவதால் RA-ஐ 100 கிலோ ஓமாகவும் RB-ஐ 680 கிலோ ஓமாகவும் பத்து மடங்கு உயர்த்த வேண்டும். பெருக்குத்தொகை மாறாது, நேரங்களும் மாறாது. ஆனால் 780 கிலோ ஓமில் கடைசிக் கணத்து மின்னோட்டம் 3.8 மைக்ரோ ஆம்பியராக இறங்கிவிடும். இருமுனை வகை 555-இன் 6-ஆம் கால் தானே 0.25 மைக்ரோ ஆம்பியர் வரை உறிஞ்சலாம் என்பதால், அதுவும் ஒரு சிறு கசிவாகச் சில விழுக்காடு பிழையைச் சேர்க்கக்கூடும். சிமாஸ் வகையான TLC555 அல்லது ICM7555-ஐ அதே கால்களில் பொருத்தினால் இந்தத் தொல்லையும் நீங்கும். அதன் பிறகு கைபேசிப் படத்தில் எரியும் சட்டங்கள் 16, அணையும் சட்டங்கள் 14 என்று வர வேண்டும்.